தலைப்பில் வருஷம் மட்டும் மாறும், விலை பழசாகவே இருக்கும்: வண்டி விமர்சனத் தளம் நடத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கார், பைக் விமர்சனப் பக்கங்களை மாதாமாதம் புதுப்பித்துத் தருகிறோம் என்று சொல்லி வரும் நிறுவனங்களுக்கு வேலை கொடுக்க நினைப்பவர்கள், கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் தளத்துக்கு அப்படி ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். ஒரு வருடத்துக்கும் மேல் பணம் கட்டினோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்பவர்கள் வேறு பலரும் இருக்கிறார்கள் என்பதால், எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் உங்களுக்கு உபயோகம்.

பேசி ஒத்துக்கொண்டது எளிமையான விஷயம்தான். ஒவ்வொரு விமர்சனப் பக்கத்திலும் மாடல் ஆண்டு, விலை, கிடைக்கும் வேரியன்ட்கள் ஆகிய விவரங்களையும், தேடுபொறிக்காகப் பக்கத்தின் பின்னால் இருக்கும் மெட்டாடேட்டாவையும் அவர்கள் மாதம் ஒருமுறை சரிபார்த்துப் புதுப்பிக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு எக்செல் தாள் வரும். பக்கத்தின் முகவரி, அதன் எதிரே “புதுப்பிக்கப்பட்டது”, அவ்வளவுதான். தலைப்பில் நடப்பு ஆண்டு இருக்கும், பக்கத்தின் மேலே அண்மைத் தேதி இருக்கும். பார்க்க எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது.

முதலில் குட்டு வெளிப்பட்டது ஒரு வாசகரின் கடிதத்தால். எங்கள் பக்கத்தில் ஒரு பைக்கின் ஆரம்ப விலையைப் பார்த்து, அதற்குத் தக்கபடி பணத்தைத் தயார் செய்துகொண்டு ஷோரூமுக்குப் போயிருக்கிறார். “நீங்க போட்டிருக்கிற வேரியன்ட்டே இப்ப வர்றது இல்லையாம். 2025 மாடல்னு தலைப்பு வெச்சிட்டு எந்த வண்டியப் பத்தி எழுதியிருக்கீங்க?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்த விமர்சனத்துக்காக நாங்கள் ஓட்டியது 2022 மாடல். பின்பக்கம் டிரம் பிரேக் வைத்த அடிப்படை வேரியன்ட் அப்போது இருந்தது, எங்கள் பக்கத்தில் இருந்த ஆரம்ப விலையும் அதனுடையதுதான். பிறகு அந்த வேரியன்ட்டை நிறுத்திவிட்டார்கள். டிஸ்க் பிரேக் உள்ள வேரியன்ட்டிலிருந்துதான் இப்போது விலையே தொடங்குகிறது. எஞ்சினையும் புதிய புகை விதிகளுக்காக மாற்றியமைத்திருந்தார்கள். ஆக, எங்கள் மைலேஜ் கணக்கும் இன்றைய வண்டிக்குப் பொருந்தாது.

அந்தப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்ததை, விலை எண்ணை மட்டும் விட்டுவிட்டு, தருகிறேன்:

```
"vehicleModelDate": "2022",
"dateModified": "2025-01-01T00:05:00+05:30",
"offers": {
  "@type": "Offer",
  "priceValidUntil": "2025-12-31"
}
```

வண்டியின் மாடல் ஆண்டு 2022 என்று இந்த நிரலே ஒத்துக்கொள்கிறது. ஆனால் மேலே தலைப்பு 2025 என்கிறது. மாற்றிய நேரம் புத்தாண்டு பிறந்து ஐந்து நிமிடம். அந்த நேரத்தில் உட்கார்ந்து விலைப் பட்டியலைச் சரிபார்க்கும் பக்திமான் யார் என்று தெரிந்துகொள்ள ஆசைதான். வேறு பக்கங்களையும் திறந்தேன். ஒவ்வொன்றிலும் அதே நிமிடம், அதே நொடி. விலை செல்லுபடியாகும் கடைசி நாள் என்று எல்லா வண்டிக்கும் ஒரே டிசம்பர் 31.

எங்கள் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. அதில் யோஸ்ட் பிளகின் போட்டிருக்கிறோம். தேடுபொறித் தலைப்புக்கான பெட்டியில் `%%currentyear%%` என்று ஒன்றை எழுதிவைத்தால், அது இருக்கும் இடத்தில் நடப்பு ஆண்டு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைத்தான் எல்லாப் பக்கத்திலும் செருகியிருந்தார்கள். முதல் மாதம் ஒரே ஒருமுறை செய்த வேலை இது. தேதியை மட்டும் அவ்வப்போது தரவுத்தளத்தில் ஒரே கட்டளையில் எல்லாப் பக்கங்களுக்கும் சேர்த்து மாற்றியிருக்கிறார்கள். எடிட்டர் வழியாக ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தால் வேர்ட்பிரஸ் பழைய வடிவத்தைத் திருத்தப் பதிவாக வைத்துக்கொள்ளும். தரவுத்தளத்தில் நேராகக் கைவைத்தால் அப்படி எதுவும் பதிவாகாது. அந்த பைக் பக்கத்தின் திருத்தப் பட்டியலில் கடைசியாக இருந்தது, எங்கள் ஆளே முன்பு எப்போதோ செய்த எழுத்துப்பிழைத் திருத்தம்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது சோம்பேறித்தனத்தால் அல்ல. செய்த வேலையே தலைகீழ் என்பதால். ஒரு வண்டி விமர்சனத்தில் இரண்டு வகை விவரங்கள் உண்டு. எந்த ஆண்டு மாடலை ஓட்டிப் பார்த்தோம், எப்போது வெளியிட்டோம் என்பவை நடந்து முடிந்த செய்திகள். அவற்றை யாரும் புதுப்பிக்க முடியாது. 2022 வண்டியை ஓட்டி எழுதியது எத்தனை வருஷம் போனாலும் 2022 வண்டியின் விமர்சனம்தான். விலை, எந்த வேரியன்ட் இப்போது கிடைக்கிறது, அந்த விலை எதுவரை செல்லும் என்பவை காலாவதியாகும் செய்திகள். பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டியவை இவை மட்டும்தான். இவர்கள் தொடக் கூடாததைத் தானாக மாறும்படி செய்துவிட்டு, தொட வேண்டியதை அப்படியே விட்டுவைத்தார்கள்.

தானாக ஆண்டு மாறுவதில் இன்னொரு தப்பும் இருக்கிறது. மாடல் ஆண்டும் நாட்காட்டி ஆண்டும் ஒன்றல்ல. 2026 மாடல் என்று விற்கப்படும் வண்டி 2025-லேயே ஷோரூமுக்கு வந்துவிடலாம். சில வண்டிகளுக்கு ஒரு வருடம் முழுக்கப் புதிய மாடலே வராது. அதனால் இந்தக் குறி வருடக் கடைசியில் ஒரு விதமாகவும் ஜனவரியில் இன்னொரு விதமாகவும் பொய் சொல்லும். வண்டி நிறுவனம் அறிவிக்காத மாடலை எங்கள் தலைப்பு புத்தாண்டு இரவில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தது.

அவர்களை அழைத்துக் கேட்டேன். “சார், தலைப்புல வருஷம் மாறினதும் கிளிக் ஏறியிருக்கு பாருங்க” என்றார் எங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டவர். விலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஏற்கெனவே பேஜ்ல இருக்குற விலையத்தான் வெரிஃபை பண்றோம்” என்று பதில் வந்தது. எதை வைத்து வெரிஃபை செய்தார்கள் என்பதற்குக் கடைசிவரை பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டினார்கள். அதில் “மெட்டாடேட்டா புதுப்பிக்கப்படும்” என்றுதான் இருக்கிறதாம். தலைப்பும் மெட்டாடேட்டாதானே என்றார்கள். ஒரு காசு கூடத் திரும்ப வரவில்லை.

கிளிக் ஏறியது உண்மை. ஆனால் அந்தக் கிளிக்கில் வந்தவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன வாசகர். உள்ளடக்கத்தில் பெரிய மாற்றம் இல்லாமல் தேதியை மட்டும் புதுசாக்காதீர்கள் என்று கூகுள் தன் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதும் பின்னால் இருக்கும் தரவும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் அதன் விதி. முரண்பட்டால் தேடல் முடிவில் விலை, நட்சத்திரம் போன்றவை காட்டப்படும் வாய்ப்பையே இழக்கலாம். அந்த நடவடிக்கை வந்தால் தளம் நடத்துபவர் மேல்தான் வரும், மாதச் சம்பளத்துக்குத் தேதி மாற்றியவர் மேல் வராது.

வேறு நிறுவனத்திடம் ஏற்கெனவே வேலை கொடுத்திருப்பவர்கள் இன்றைக்கே பார்த்துவிடலாம். நிறைய விற்கும் வண்டி ஒன்று, நிறுத்தப்பட்ட வண்டி ஒன்று என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தப்பட்ட வண்டியின் பக்கம்தான் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். உற்பத்தியே நின்றுபோன காருக்கு நடப்பு ஆண்டு விலை என்று தலைப்பு வந்தால், மனிதக் கண் அந்தப் பக்கத்தில் படவே இல்லை என்று அர்த்தம். அடுத்து `<title>` என்ன சொல்கிறது, `<h1>` என்ன சொல்கிறது, `vehicleModelDate` என்ன சொல்கிறது என்று ஒப்பிடுங்கள். அப்புறம் web.archive.org-இல் அதே பக்கத்தின் பழைய பிரதி இருந்தால் இப்போதைய பக்கத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். எங்கள் பைக் பக்கத்தில் தலைப்பையும் தேதியையும் தவிர ஒரு எழுத்தும் மாறவில்லை என்பதை அப்படித்தான் உறுதி செய்தேன்.

விலையை இப்போது நாங்களே பார்த்துக்கொள்கிறோம். ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதாமல் எந்த எண்ணும் பக்கத்துக்குப் போகாது: எந்த வேரியன்ட், எந்த வகை விலை, எங்கே பார்த்தது, எந்தத் தேதியில். வகை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வண்டியின் விலை மட்டும் வேறு, வரியும் பதிவும் காப்பீடும் சேர்ந்து கையில் சாவி வரும்போது கொடுக்கும் விலை வேறு. போன மாதம் ஒன்றையும் இந்த மாதம் இன்னொன்றையும் போட்டால், விலை ஏறாத வண்டி ஏறியதாகத் தெரியும். பல வேரியன்ட் உள்ள மாடலுக்கு ஒற்றை `price` போடுவதையும் விட்டுவிட்டோம். `AggregateOffer` போட்டு `lowPrice`, `highPrice` இரண்டையும் கொடுக்கிறோம். அடிப்படை வேரியன்ட் நின்றுபோனால் கீழ் விலையை மாற்றியே ஆக வேண்டும் என்று அதுவே ஞாபகப்படுத்தும். `priceValidUntil` விஷயத்தில், விற்பவர் தேதி சொன்ன சலுகை விலைக்கு மட்டும்தான் அதைப் போடுகிறோம். யாரும் சொல்லாத தேதியை நாமே கற்பனை செய்து எழுதுவதற்கு, எழுதாமலே இருக்கலாம்.

தலைப்பில் ஓட்டிப் பார்த்த மாடல் ஆண்டு நிரந்தரமாக நிற்கிறது. புதிய மாடலில் நிறமும் ஸ்டிக்கரும் மட்டும் மாறியிருந்தால் அதே பக்கத்தில் தேதி போட்டு ஒரு குறிப்பு சேர்க்கிறோம். எஞ்சின், பிரேக், சஸ்பென்ஷன் என்று ஏதாவது மாறியிருந்தால் வண்டியை மறுபடி ஓட்டி, தனி முகவரியில் தனி விமர்சனம். பழைய பக்கத்திலிருந்து அதற்கு ஓர் இணைப்பு. பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்க வருபவருக்குப் பழைய விமர்சனம்தான் வேண்டும், அதை ஏன் கெடுக்க வேண்டும்?

ஒப்பந்தம் போடுகிறவர்கள் “புதுப்பித்தல்” என்று பொதுவாக எழுதாதீர்கள். அந்த நான்கு விவரமும் உள்ள தாளைக் கேளுங்கள். மாடல் ஆண்டையும் வெளியீட்டுத் தேதியையும் தொடக் கூடாது, தரவுத்தளத்தில் மொத்தமாகத் தேதி மாற்றக் கூடாது என்று தனி வரியாகவே எழுதுங்கள். இந்த மாதிரி நிறுவனத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்களுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவர்கள் போனாலும் `%%currentyear%%` போகாது. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்புப் பெட்டி, மெட்டா விளக்கம், சமூக ஊடகத் தலைப்பு, பிளகினின் பொது அமைப்பில் இருக்கும் வார்ப்புரு என எல்லா இடத்திலும் தேடி எடுத்துவிடுங்கள். நாங்கள் பக்கங்களில் எடுத்துவிட்டு வார்ப்புருவைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். டிசம்பர் முடிவதற்குள் முடித்துவிடுவது நல்லது.