விபத்து வார்டுக்கு வரும் புரோக்கரிடம் வக்காலத்தில் கையெழுத்திட வேண்டாம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி மோதி என் தம்பியின் வலது முழங்கால் நொறுங்கியது. அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே, வக்கீல் அலுவலகத்திலிருந்து வருவதாகவும் விபத்து இழப்பீட்டு வழக்கு போட்டுத் தருவதாகவும் சொல்லி ஒரு புரோக்கர் வார்டுக்கு வந்தார். "செலவு எதுவும் உங்களுக்கு இல்லை, பணம் வந்த பிறகு முப்பது சதவீதம் கொடுத்தால் போதும்" என்று சொல்லி, நம் சார்பில் வழக்கு நடத்த வழக்கறிஞருக்கு அதிகாரம் தரும் வக்காலத்தை நிரப்பாமலே அதில் கையெழுத்தும், மருந்து ரசீதுகளின் அசலும், டிஸ்சார்ஜ் சம்மரியும் வாங்கிக்கொண்டார். வழக்கறிஞர் எவரும் தீர்ப்புத் தொகையில் பங்கு பேசக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. அந்தப் பேச்சே எங்களை எச்சரித்திருக்க வேண்டிய ஒன்று.

அதன் பிறகு கேட்கும்போதெல்லாம் "கேஸ் போட்டாச்சு" என்ற பதில்தான் வந்தது. மனு தாக்கலாகிப் பதிவாகியிருந்தால் அதற்கு எம்.சி.ஓ.பி. எனப்படும் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு எண் இருக்கும், இ-கோர்ட்ஸ் தளத்தில் மனுதாரர் பெயரைக் கொண்டே அதைத் தேடலாம். நாங்கள் தேடியபோது தம்பியின் பெயரில் எந்த வழக்கும் இல்லை. அதற்குள் விபத்து நடந்து ஏழு மாதங்கள் கடந்திருந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும் என்கிறது. வேறொரு வழக்கறிஞர் மூலம் தாமதமாகத் தாக்கல் செய்த மனுவை இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் எதிர்த்ததும் இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். அந்தக் காலக்கெடுவின் செல்லுபடி குறித்த வழக்குகளை விசாரிக்கும் உச்ச நீதிமன்றம், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்ததால் எங்கள் மனு பிழைத்தது. இடைக்கால உத்தரவை நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

புரோக்கர் சும்மா இருந்துவிடவில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு தாமே பேசி, இரண்டு லட்சத்துக்கு லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துவிடலாம் என்று எங்களை நெருக்கினார். அங்கே சம்மதித்துக் கையெழுத்திட்டால் அதன் மீது மேல்முறையீடு கிடையாது. அந்த இரண்டு லட்சம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இதைப் படிப்பவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

தம்பிக்கு 35 சதவீத நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சான்றளித்தது. உழைக்கும் திறன் குறைந்ததற்கு ஆதாரம் எதையும் காட்டாவிட்டால், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று பெருக்கி முடித்துவிடுவார்கள். ஐயாயிரம் என்று வைத்தால் 1,75,000 ரூபாய், புரோக்கர் சொன்ன இரண்டு லட்சம் இதை ஒட்டியதுதான். ஆனால் 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடலின் ஊனம் வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் ஏற்படும் இழப்பு வேறு என்று தெளிவாக்கியது: இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் ஏறக்குறைய முழுப் பிழைப்பும் போய்விடும், எழுத்தராக இருந்தால் வேலையில் தொடரக்கூடும்.

தம்பி வெல்டர், குந்தி உட்காராமல் அந்த வேலை இல்லை. புரோக்கர் தயாரித்து வைத்திருந்த வரைவு மனுவில் "தனியார் ஊழியர்" என்று மட்டும் எழுதியிருந்தது. புதிய வழக்கறிஞர் மணலியில் உள்ள பட்டறை முதலாளியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, குந்த முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பதிவு செய்தார். சம்பளச் சான்றிதழைத் தாளாக மட்டும் கொடுத்தால், அதைக் கொடுத்தவர் வந்து குறுக்கு விசாரணைக்கு நிற்காத வரை அதற்குப் பெரிய மதிப்பில்லை.

வழக்கை விசாரித்த மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மாத வருமானத்தை 15,000 ரூபாய் என்று ஏற்றது. நாற்பது வயதுக்குட்பட்டவர் என்பதால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டி 21,000, ஆண்டுக்கு 2,52,000. வயது 37, அந்த வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 15. வருமானத் திறன் இழப்பு 25 சதவீதம் என்று முடிவாகி, இந்த ஒரு தலைப்பில் மட்டும் 9,45,000 ரூபாய் வந்தது. வலி வேதனை, சிகிச்சைக் காலத்தில் இழந்த சம்பளம், உடனிருந்து கவனித்தவருக்கான தொகை ஆகியவை தனி.

மருத்துவச் செலவில்தான் அடி விழுந்தது. அசல் ரசீதுகளைப் புரோக்கர் கடைசிவரை திருப்பித் தரவில்லை. மருத்துவமனை தந்த நகல்களுக்கு மட்டுமே தொகை கிடைத்தது, வெளிக் கடைகளில் வாங்கிய மருந்துகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ரசீதுகளை ஒளிநகல் எடுத்துக்கொண்டு, யாரிடம் எதைக் கொடுத்தோம் என்று பட்டியலில் கையெழுத்து வாங்கிய பிறகே அசலைக் கொடுங்கள். வக்காலத்தில் வழக்கறிஞரின் பெயரும் பதிவு எண்ணும் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தொகை தம்பியின் வங்கிக் கணக்கிலேயே வரவாக வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். புரோக்கர் இன்னமும் தம் முப்பது சதவீதத்தைக் கேட்டு அழைத்துக்கொண்டிருக்கிறார்.