ராகிக் கஞ்சியா, அரிசிக் கஞ்சியா: மூன்று கரண்டியில் என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் ராகி ஒருமனதாக வென்றிருக்கும். "அரிசியில் என்னம்மா இருக்கிறது? எலும்புக்கு ராகிதான் பலம்" என்று மாமியார் சொல்வார். பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடைக்காரரும் கேட்காமலேயே ராகி மாவுப் பொட்டலத்தைத்தான் எடுத்து வைத்தார். ஆனால் ஆறு மாதம் முடிந்த மகளுக்கு நான் அன்றாட உணவாகத் தேர்ந்தெடுத்தது பாசிப்பருப்பு சேர்த்த அரிசிக் கஞ்சி. ராகி காலை வேளைக்கு, அதுவும் எல்லா நாளும் அல்ல. சமையலறைத் தராசுதான் இதை முடிவு செய்தது.

உலர்ந்த நிலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரியும் 7 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதமும் உண்டு. அதே எடை வெள்ளை அரிசியில் சுமார் 355 கலோரியும் 8 கிராமை ஒட்டிய புரதமும் உண்டு. ஆக, புரதத்தில் ராகி உசத்தி என்ற பேச்சு நிற்காது. சுண்ணாம்புச் சத்தில் மட்டும் அரிசியால் ராகியின் கிட்டே வர முடியாது: 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல், அரிசியில் 10 கூடத் தேறாது.

ஆனால் குழந்தை மாவைத் தின்பதில்லை, கஞ்சியைத்தான் குடிக்கிறது. இந்தப் போட்டியைத் தீர்மானிப்பது தண்ணீர்.

15 கிராம் ராகி மாவை 165 மில்லி தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் கிண்ணத்தில் ஏறக்குறைய 140 கிராம் கஞ்சி நிற்கும். பார்வைக்குக் கெட்டியாக, பளபளவென்று இருக்கும். அந்தத் தோற்றம்தான் ஏமாற்று. மாவுப்பசை கொஞ்ச மாவிலேயே தண்ணீரைப் பிடித்து இறுகிவிடுகிறது. உள்ளே இருப்பது முக்கால்வாசிக்கும் மேல் தண்ணீர். இந்த வயதில் ஒரு வேளைக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 கிராம் போகும் என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 15 கலோரி, புரதம் 0.35 கிராம். அதே 45 கிராம் தாய்ப்பாலில் ஏறத்தாழ 30 கலோரி இருக்கிறது. பாலுக்குத் துணையாக வந்த உணவு பாலைவிட நீர்த்துப்போய் நிற்கிறது. சிறிய வயிற்றில் அது நிரம்பினால் அடுத்த பாலின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

ஸ்லோ குக்கரில் ஒன்றுக்குப் பத்து தண்ணீர் வைத்து விடும் வெறும் அரிசிக் கஞ்சியும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. மூன்று கரண்டிக்கு 15 முதல் 18 கலோரி, அவ்வளவுதான். ஆகவே தண்ணீரைக் குறைக்க எது இடம் கொடுக்கிறது என்பதே கேள்வி.

அரிசி இடம் கொடுக்கிறது. 30 கிராம் அரிசி, 10 கிராம் பாசிப்பருப்பு, 250 மில்லி தண்ணீர். நன்றாகக் குழைந்து 220 கிராம் ஆகும்வரை வேகவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, முட்கரண்டியின் முதுகால் மசிக்கிறேன். மொத்தம் சுமார் 180 கலோரி, 4.8 கிராம் புரதம். மூன்று கரண்டிக்கு 36 கலோரியும் ஏறக்குறைய 1 கிராம் புரதமும் வருகிறது. எண்ணெய் இல்லாவிட்டாலும் தாய்ப்பாலுக்கு நிகராக நிற்கும். மிக்சியில் மட்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசையாகி, விழுங்க முடியாது என்று மறுபடியும் தண்ணீர் ஊற்றத் தோன்றும். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி வழியாமல் மெல்லச் சரிய வேண்டும்; அதுதான் பதம்.

எண்ணெயிலும் ஓர் அளவு வேண்டும். அது கலோரியைக் கூட்டும், புரதத்தைத் துளியும் கூட்டாது. இரண்டு, மூன்று தேக்கரண்டி விட்டால் எண் அழகாகத் தெரியும், ஆனால் வயிறு நிறைவது எண்ணெயால்தான்.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஆறிலிருந்து எட்டு மாதம் வரை பாலுக்கு அப்பால் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. முதல் வாரங்களிலேயே அதை எட்ட வேண்டியதில்லை. ஆனால் மூன்று வேளை நீர்த்த ராகியில் 45 கலோரி, மூன்று வேளை பருப்புக் கஞ்சியில் 108. எந்த வழியில் போனால் போய்ச் சேரலாம் என்பது இதிலேயே தெரிகிறது. புரதத்தின் பெரும்பகுதியைப் பாலே தந்துவிடும். உணவிலிருந்து நாளுக்கு 2 கிராம் அளவு வந்தால் போதும். பருப்புக் கஞ்சி இரண்டு வேளையில் அதைக் கொடுத்துவிடுகிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ராகியைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு: முளைகட்டுவது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உருவாகிறது. அதனால் கூடுதல் மாவு போட்டாலும் கஞ்சி இளகியே இருக்கும். 25 கிராம் மாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய், இறக்கும்போது 154 கிராம் கஞ்சி: மூன்று கரண்டிக்கு 35 கலோரி, புரதம் அரை கிராம். கலோரியில் அரிசியை எட்டிவிடுகிறது, புரதத்தில் பாதிதான். கூடவே 25 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அதற்காகத்தான் ராகியை நான் விட்டுவிடவில்லை.

சிக்கல் வேலையில் இருக்கிறது. கோலாலம்பூரின் ஈரக் காற்றில் மூட்டை கட்டிய ராகி இரண்டாம் நாளே புளித்த வாடை அடிக்கலாம். அடித்தால் கொட்டிவிட வேண்டும். முளைவிட்ட பிறகு காய வைத்தால் பிற்பகல் மழை. கடையில் முளைகட்டிய மாவு கிடைக்கிறது, ஆனால் மணம் வர நன்றாக வறுத்திருந்தால் நொதி செத்திருக்கும். சோதிப்பது எளிது. சாதாரண ராகி மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கொதி அடங்கி ஆவி மட்டும் பறக்கும் சூட்டில் அரைத் தேக்கரண்டி முளை மாவைக் கலந்து கிளறுங்கள். சில நிமிடங்களில் இளகினால் மாவு உயிரோடு இருக்கிறது. மறுபடி ஒரு கொதி விட்டுக் கொடுக்கலாம். இளகாவிட்டால் அது வெறும் ராகி மாவு, கூடுதல் விலைக்கு.

ஊறவைத்து அரைத்துத் துணியில் வடிகட்டும் ராகிப் பாலை நான் இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. துணியில் தங்குவது எவ்வளவு, கிண்ணத்துக்கு வருவது எவ்வளவு என்று தராசால் பிரிக்க வழியில்லை.

இரும்புச்சத்தில் இரண்டுமே தோற்றவை. இந்த வயதில் நாளுக்கு 11 மில்லிகிராம் தேவை என்கிறார்கள். 25 கிராம் ராகியில் 1 மில்லிகிராம் சொச்சம் இருந்தாலும், அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் பெரும்பகுதியை உடல் எடுத்துக்கொள்ள விடாது. கோழி ஈரலோ இறைச்சியோ சேர்த்தே ஆக வேண்டும். சைவ வீடாக இருந்தால் இரும்புச்சத்து சேர்த்த குழந்தைத் தானியம் பற்றி கிளினிக் தாதியிடம் கேட்கலாம். எடை வரைபடம் கீழே சரிந்தாலும் அங்கேதான் போக வேண்டும். கரண்டிக் கணக்கு அதற்கு மருந்தாகாது. மலச்சிக்கல் எதில் கூடும் என்பதில் என் அனுபவம் ஒரே குழந்தையோடு நிற்கிறது, அதை வைத்து ஊருக்குச் சொல்ல மாட்டேன்.

ஒன்றை மட்டும் பிள்ளை பார்த்துக்கொள்ளும் அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். குளிர்பெட்டியில் வைத்த அரிசிக் கஞ்சி இறுகிவிடும், சூடாக்கும்போது கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகும். 45 கிராம் கஞ்சியில் 45 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 36 கலோரிக் கரண்டிகள் 18 ஆகிவிடும். அதனால் கஞ்சியோடு கறந்த தாய்ப்பாலில் கொஞ்சம் தனியாகக் கொடுத்தனுப்புகிறேன். கஞ்சியை நன்றாகச் சூடாக்கி, ஆறிய பிறகு அந்தப் பாலை விட்டுத்தான் இளக்க வேண்டும்.