சான்றுரை கேட்கும் மின்னஞ்சல்: மூன்று வழிகளும் ஓர் இனிப்புக் கடையும்

டர்பனுக்கு அருகே சாட்ஸ்வொர்த்தில் இனிப்பும் காரமும் செய்து விற்கும் ஓர் அம்மையாரின் கடைக்கு, 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, இன்வெர்ட்டரும் பேட்டரியும் பொருத்திக் கொடுத்தோம். அந்த வேலையைப் பற்றி எங்கள் தளத்தில் ஓர் அனுபவக் கட்டுரை எழுத அவருடைய சொந்த வார்த்தைகள் தேவைப்பட்டன. (எங்கள் ஊரில் மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் தருகிறேன்.)

"எங்கள் வேலையைப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்கள்" என்று பொதுவாகத்தான் முதலில் கேட்டேன். "நல்ல வேலை, பையன்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள், முருகன் துணை" என்று பதில் வந்தது. மனதுக்கு இதமாக இருந்தாலும், எந்தக் கடைக்கும் பொருந்தும் அந்த வரியை நம்பிக் கட்டுரை எழுத முடியாது.

நாமே எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குவது இன்னொரு வழி. பதில் அன்றே வந்துவிடும். ஆனால் பத்துப் பேரின் சான்றுரையும் ஒரே குரலில் ஒலிக்கும். மேலும், சான்றுரையைப் படித்த ஒருவர் கோயிலில் அந்த அம்மையாரையே பார்த்துக் கேட்டுவிடக்கூடிய ஊர் இது.

மூன்றாவது வழி, கேள்விகளாகக் கேட்பது. முதல் மாத விற்பனைக் கணக்கை அவர் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு இப்படி எழுதினேன்:

"அக்கா, மூன்றே கேள்விகள், பேசுவதுபோலவே எழுதினால் போதும். மின்சாரம் போனபோது கடையில் என்ன நடந்தது? எங்களிடம் வேலையைக் கொடுக்குமுன் எதற்காகத் தயங்கினீர்கள்? இப்போது எது மாறியிருக்கிறது?"

முதல் கேள்விக்கு, பால் இனிப்பை இரண்டு தட்டு குப்பையில் கொட்டிய ஒரு சனிக்கிழமையை விவரித்திருந்தார். கட்டுரையின் தொடக்கமாக அதையே வைத்தேன். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை, ஏனெனில் அது நம் குறையைக் கிளறும் என்ற பயம் இருக்கிறது. "குளிர்பெட்டியின் மோட்டார் கிளம்பும்போது பேட்டரி தாங்காது என்று என் தம்பி சொன்னான்" என்று அவர் எழுதினார். அடுத்து வாங்க வருபவருக்கும் அதே சந்தேகம்தான் இருக்கும் என்பதால், கட்டுரையின் நடுப்பகுதி முழுவதையும் அந்தத் தொடக்க மின்சுமையை நாங்கள் எப்படிக் கணக்கிட்டோம் என்பதற்கே ஒதுக்கினேன்.

கேள்வி ஐந்தாறு ஆகிவிட்டால் பதிலே வராது. எழுதத் தயங்குபவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்ப்பது உதவும்.

அனுமதியைத் தனியாகக் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியாவின்படி, ஒப்புதல் என்பது தானாக முன்வந்து, எதற்காக என்று தெரிந்து, குறிப்பிட்ட பயன்பாட்டுக்குத் தருவதாக இருக்க வேண்டும். தந்தவர் அதைத் திரும்பப் பெறவும் முடியும். எனவே பெயர், கடைப் பெயர், புகைப்படம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை என்று கேட்டு, எங்கே வெளியாகும் என்பதையும் எழுதினேன்.

பதிலைச் சுருக்கிய பின் இரண்டாவது வழியின் நல்ல பாதியைக் கடன் வாங்கி, இறுதி வடிவத்தை அவருக்கே அனுப்பினேன். எவ்வளவு ரேண்ட் செலவானது என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, "மற்றதெல்லாம் நான் சொன்னதுதான், போடு தம்பி" என்று எழுதியிருந்தார்.