"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" போதுமா? மொழிபெயர்த்த மின்னஞ்சலைச் சரிபார்க்கக் கொடுக்கும் நான்கு வழிகள்

ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலைத் தமிழாக்கி, அனுப்புவதற்கு முன் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் காட்டுகிறோம். அவர் ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தி, "நல்லா இருக்கு" என்று திருப்பி அனுப்புகிறார். மின்னஞ்சல் போகிறது. படித்தவர்களுக்கோ ஏதோ அதட்டல் கேட்டது போல இருக்கிறது. இலக்கணத்தில் குறையில்லை, தொனி பிசகியிருக்கிறது. சரிபார்த்தவருக்கு அது தெரியாமல் போனதற்குப் பெரும்பாலும் அவர் காரணமில்லை. நாம் அவரிடம் கேட்ட விதம்தான் காரணம்.

கேட்பதற்குப் பொதுவாக நான்கு வழிகள் உண்டு. ஒன்று, ஒற்றை வரியில் "பார்த்துச் சொல்லுங்கள்" என்பது. இரண்டு, ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொடுப்பது. மூன்று, தமிழை இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலமாக்கி ஒத்துப் பார்ப்பது. நான்கு, மூலத்தைக் காட்டாமல் தமிழை மட்டும் கொடுத்து, சூழலையும் சில கேள்விகளையும் சேர்த்து அனுப்புவது. ஒரே மின்னஞ்சலை நான்கு வழியிலும், வழிக்கு ஒருவராக நான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு பயிற்சி வகுப்பின் தேதி தள்ளிப்போனதைப் பதிவு செய்தவர்களுக்குச் சொல்லும் மின்னஞ்சல் அது. மொழிபெயர்ப்பு இப்படி இருந்தது:

1. அன்புள்ள பங்கேற்பாளரே,
2. இந்த மின்னஞ்சல் உங்களை நலமாகக் கண்டடையும் என்று நம்புகிறோம்.
3. 14ஆம் தேதி நடைபெறவிருந்த வகுப்பு 21ஆம் தேதிக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதைத் தெரிவிக்க வருந்துகிறோம்.
4. இதனால் ஏற்படக்கூடிய எந்தவொரு அசௌகரியத்திற்கும் மன்னிப்பு கோருகிறோம்.
5. புதிய தேதி உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், 12ஆம் தேதிக்குள் நீங்கள் எங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும்.
6. கட்டணம் முழுமையாகத் திருப்பித் தரப்படும்.
7. மேலும் கேள்விகள் இருந்தால் எங்களைத் தொடர்பு கொள்ளத் தயங்க வேண்டாம்.
8. உங்கள் புரிதலுக்கு நன்றி.

ஒற்றை வரி

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பியதற்கு வந்த பதில்: நான்காம் வரியில் "மன்னிப்புக் கோருகிறோம்" என்று க் போட வேண்டும், மற்றபடி நன்றாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அவர் சோம்பலாகப் பார்க்கவில்லை. பள்ளியில் நாம் எல்லோரும் பழகிய திருத்தம் அதுதான்: ஒற்று, சந்தி, எழுத்துப்பிழை. அவற்றைச் சுட்டிக்காட்டுவதில் யாருக்கும் சங்கடமில்லை. "இந்த வரி தமிழாகவே இல்லை" என்று சொல்வது அப்படியல்ல, எழுதியவரைக் குறை சொல்வது போல ஆகிவிடும். வெளிப்படையாகக் கேட்டாலொழிய நல்ல மனிதர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். "இயல்பாக இருக்கிறதா?" என்று கேட்டாலும் பயனில்லை. அந்தக் கேள்விக்கு "இருக்கிறது" என்பதுதான் மரியாதையான பதில்.

மூலமும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில்

இது முறையான வழி போலத் தெரியும். பொருள் சரியா என்று பார்க்க இதைவிடச் சிறந்தது இல்லை. இந்த மின்னஞ்சலிலும் முக்கியமான ஒன்றைப் பிடித்தது இந்த வழிதான். மூலத்தில் இருந்தது 12ஆம் தேதிக்கு முன்னால் என்று. மொழிபெயர்ப்பில் 12ஆம் தேதிக்குள் என்று வந்துவிட்டது. அப்படியே போயிருந்தால், 12 அன்று எழுதியவர்களுக்குப் பணம் உண்டா இல்லையா என்று தகராறு வந்திருக்கும்.

தொனி என்று வரும்போது இந்த வழி கண்ணைக் கட்டிவிடுகிறது. ஆங்கில வாக்கியத்தைப் படித்த கையோடு தமிழைப் படித்தால், மனம் ஏற்கெனவே அந்த அச்சில்தான் இருக்கும். "நலமாகக் கண்டடையும்" என்பதைத் தனியாகப் படிப்பவர், மின்னஞ்சல் எங்கே போய் யாரைக் கண்டடைகிறது என்று திகைப்பார். ஆங்கிலத்தைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு அது சரியான மொழிபெயர்ப்பாகத் தெரியும். பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் இரண்டாம் வரியைத் தாண்டிப் போனார். ஐந்தாம் வரியையும் அப்படியே விட்டார். இரண்டுமே மூலத்தோடு ஒத்துப்போயின, அதனால் அவர் பார்வையில் பிழை இல்லை.

மொழிபெயர்ப்புச் சேவைக்கான ISO 17100 தரநிலை (2015) இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகவே பிரித்து வைத்திருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது ஒன்று. மொழிபெயர்ப்பை மட்டும் படித்து, எதற்காக எழுதப்பட்டதோ அதற்கு ஏற்றதா என்று பார்ப்பது வேறொன்று. முதலாவது கட்டாயம், இரண்டாவது தேவைப்பட்டால் செய்வது. ஒருவரிடமே இரண்டையும் ஒரே வாசிப்பில் கேட்கும்போது, பெரும்பாலும் முதலாவது மட்டும்தான் நடக்கிறது.

திரும்ப ஆங்கிலமாக்குவது

தமிழ் தெரியாத மேலாளர்களுக்கு இந்த வழி பிடிக்கும், ஏனென்றால் முடிவை அவர்களே படித்துப் பார்க்கலாம். பொருள் தலைகீழாகியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும். தொனிக்கு இதை நம்பவே கூடாது என்பேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ்தான் மிக அழகாக ஆங்கிலத்துக்குத் திரும்பும். இரண்டாம் வரி ஏறக்குறைய எழுத்து மாறாமல் திரும்பி வந்தது. அதையே நல்ல தமிழில் "நலமாக இருக்கிறீர்களா?" என்று எழுதியிருந்தால், மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்று குறித்திருப்பார்கள். இயல்பான தமிழுக்கு மதிப்பெண் குறையும் சோதனை இது.

தமிழ் மட்டும், கூடவே சூழலும் கேள்விகளும்

என் வாக்கு இதற்குத்தான். ஆனால் தமிழை மட்டும் அனுப்பி "படியுங்கள்" என்றால் அது முதல் வழியேதான். அனுப்பும் குறிப்பில்தான் காரியம் இருக்கிறது. நான் அனுப்பிய குறிப்பு:

"இது ஒரு பயிற்சி வகுப்பை நடத்துபவர்கள், பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு எழுதுவது. படிப்பவர்களில் பலர் எழுதுபவரைவிட வயதில் பெரியவர்கள், நேரில் பழக்கமில்லாதவர்கள். தேதி மாறியது நடத்துபவர்களின் தவறு. படித்தவர் எரிச்சலடையாமல், தான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஒரே ஒரு முறை படித்துவிட்டு மூடிவிடுங்கள். என்ன புரிந்தது, எழுதியவர் என்ன மனநிலையில் இருந்தது போலப் பட்டது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். அப்புறம் மறுபடி திறந்து, எந்த வரியில் இது மொழிபெயர்ப்பு என்று தெரிந்தது, எந்த வரியை இரண்டாம் முறை படிக்க வேண்டி வந்தது என்று எண்ணைக் குறியுங்கள். இலக்கணத்தை வேறொருவர் பார்க்கிறார், நீங்கள் விட்டுவிடலாம். திருத்தி எழுத வேண்டாம். அதையே போனில் சொல்வதானால் எப்படிச் சொல்வீர்கள் என்று மட்டும் பக்கத்தில் எழுதுங்கள்."

யார் யாருக்கு எழுதுகிறார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். மூலத்தில் எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்தான். தமிழில் நீ, நீங்கள், தாங்கள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். உறவு தெரியாதவர் பத்திரமாக இருக்கட்டும் என்று தாங்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். இதற்கு முன் ஒருமுறை சூழல் சொல்லாமல் வேறொரு மின்னஞ்சலைக் கொடுத்தேன். "தாங்கள் பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்று அலுவலக ஆணை போலத் திரும்பி வந்தது.

இலக்கணம் வேண்டாம் என்று சொன்னதும் வீணாகவில்லை. ஒற்றுப்பிழை கண்ணில் பட்டால் கை அங்கேதான் போகும், பத்துப் பிழை திருத்திய பிறகு வேலை முடிந்த நிறைவும் வந்துவிடும். அதனால் பிழைகளை முன்பே நீக்கிவிட்டுக் கொடுப்பது இன்னும் நல்லது.

இந்த வழியில் வந்த பதில் மற்ற மூன்றிலும் வரவே இல்லை. மூடிவைத்துவிட்டு அவர் சொன்னது: "வகுப்பு தள்ளிப்போயிருக்கு. 12க்குள்ள எல்லாரும் பதில் சொல்லணும், இல்லேன்னா பணம் கிடைக்காது. கொஞ்சம் கறாரா எழுதியிருக்காங்க." மின்னஞ்சல் சொல்ல வந்தது அதுவல்ல. வர முடியாதவர்கள் மட்டும்தான் பதில் எழுத வேண்டும். "நீங்கள் எங்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும்" என்ற ஐந்தாம் வரி கட்டளையாக ஒலித்ததால், அதற்கு முன்னால் வந்த "என்றால்" காதில் விழவில்லை. மூலத்தில் அது சாதாரணமாக வரும் மென்மையான வாக்கியம். தமிழில் நீங்கள் என்று எழுவாயை வெளிப்படையாக வைத்து, கடைசியில் வேண்டும் என்று முடித்தால் குரல் உயர்ந்துவிடுகிறது.

அவர் குறித்த வரிகள் 2, 3, 5, 8. மூன்றாம் வரிக்குப் பக்கத்தில், "தெரிவிக்க வருந்துகிறோம்னு ஆரம்பிச்சா யாரோ இறந்துட்டாங்கன்னு நினைப்பேன்" என்று எழுதியிருந்தார். எட்டாம் வரிக்கு, "நான் இன்னும் ஒத்துக்கவே இல்லையே, அதுக்குள்ள நன்றியா?" என்று. நான் எதிர்பார்த்த ஏழாம் வரியை அவர் குறிக்கவில்லை. கேட்டபோது, "தயங்க வேண்டாம் எல்லாம் பழகிப்போச்சு, உறுத்தலை" என்றார். இதுவும் பயனுள்ள பதில்தான். எனக்குப் பிடிக்காததெல்லாம் பிழையாகிவிடாது.

இந்த வழியின் பலவீனம் இரண்டு. தேதிப் பிழையை அவர் பிடிக்கவில்லை, மூலத்தைப் பார்க்காதவரால் பிடிக்கவும் முடியாது. இன்னொன்று, சிலர் எவ்வளவு சொன்னாலும் தங்கள் நடைக்கு மாற்றி எழுதிவிடுவார்கள். அதற்கு நான் செய்வது, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் "தவறு", "உறுத்துகிறது", "என் விருப்பம்" மூன்றில் ஒன்றை எழுதச் சொல்வது. விருப்பம் என்று வந்தவற்றை மொழிபெயர்ப்பாளரிடம் விட்டுவிடுகிறேன்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் தமிழ் மட்டும், திருத்தம் முடிந்த பிறகு வேறொருவர் மூலத்தோடு ஒப்பிடுவது. தலைகீழாகச் செய்தால், ஒப்பிடுபவர் பார்த்து முடித்த வரிகளையே மறுபடி மாற்ற வேண்டி வரும். எச்சரிக்கைகள், ஒப்பந்த வரிகள் போலச் சொல் மாறினால் பொருளும் மாறும் மின்னஞ்சல்களில் மட்டும் ஒப்பீட்டை முதலில் வைப்பேன். அங்கே தொனிக்காக விட்டுக்கொடுக்க இடம் குறைவு.

இரண்டு சுற்றும் முடிந்த பிறகு அந்த மின்னஞ்சல்:

"வணக்கம். 14ஆம் தேதி நடக்கவிருந்த வகுப்பை 21ஆம் தேதிக்கு மாற்றியிருக்கிறோம். உங்கள் ஏற்பாடுகளுக்கு இடைஞ்சல் ஆகியிருக்கும், மன்னியுங்கள். 21ஆம் தேதி உங்களுக்குச் சரி என்றால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வர முடியாதென்றால் 11ஆம் தேதிக்குள் ஒரு வரி எழுதுங்கள், கட்டணம் முழுவதையும் திருப்பித் தருகிறோம். ஏதாவது கேட்க வேண்டுமானால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்புங்கள்."

"எதுவும் செய்ய வேண்டியதில்லை" என்பது மூலத்தில் இல்லை. தவறாகப் புரிந்துகொண்டவர் சொன்னதைக் கேட்ட பிறகு சேர்த்தது. இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்ப்பவரோ மொழிபெயர்ப்பாளரோ தாமாக முடிவு செய்யக் கூடாது. மூலத்தை எழுதியவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே சேர்த்தோம்.

திருத்திய வடிவத்தை முதலில் படித்தவரிடமே திரும்பக் கொடுக்கவில்லை. அவருக்கு இப்போது விஷயம் தெரியும், எப்படி எழுதியிருந்தாலும் புரிந்துவிடும். இதுவரை பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்தோம், அதே குறிப்போடு. அவர் மூடிவைத்துவிட்டுச் சொன்னது: "21க்கு மாத்திட்டாங்க. எனக்கு ஓகேன்னா சும்மா இருக்கலாம்."