சிவப்புப் பூ, பச்சை இலை, நிறக்குருடு: ஒகாபே-இட்டோ நிறத்தொகுதியோடு சில வருட அனுபவம்

தட்டையான நிறங்களில், நிழல் இல்லாமல், நாலைந்து நிறங்களுக்குள் முடிகிற படங்கள்தான் நான் வரைவது. பூ, பறவை, கோயில் கோபுரம் என்று போஸ்டருக்கும் ஸ்டிக்கருக்கும் போகிறவை. நிறக்குருடு உள்ளவர்களுக்கும் படம் புரிய வேண்டும் என்று ஒகாபே-இட்டோ நிறத்தொகுதியைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். ஜப்பானிய ஆய்வாளர்கள் இருவர் அறிவியல் வரைபடங்களுக்காகத் தொகுத்த எட்டு நிறங்கள் அவை, கறுப்பையும் சேர்த்து. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைபடத்துக்கு அது அருமை, ஓவியத்துக்கு அது பாதி வேலையைத்தான் செய்யும். மீதிப் பாதி வெளிச்ச அளவில் இருக்கிறது.

ஏன் பாதி என்கிறேன் என்றால், அந்தத் தொகுதியில் இருக்கும் செம்மஞ்சளையும் (#D55E00) நீலப்பச்சையையும் (#009E73) பக்கத்தில் பக்கத்தில் வைத்து கான்ட்ராஸ்ட் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.1 தான் வரும். அதாவது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெளிச்சம் உள்ளவை. வரைபடத்தில் ஒரு பட்டையை இன்னொரு பட்டையிலிருந்து பிரித்துச் சொல்ல நிற வேறுபாடு மட்டும் போதும், அதற்குத்தான் அவற்றை அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மெல்லிய இதழ் நுனி, சுருள், இலைக் காம்பு மாதிரியான நுணுக்கமான விளிம்புகளை நம் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டை வைத்துத்தான் பிடிக்கிறது, அது யாருடைய கண்ணாக இருந்தாலும் சரி. செம்மஞ்சள் பூவை நீலப்பச்சை இலைமேல் வைத்தால் ‘பாதுகாப்பான’ நிறங்கள்தான் இருக்கும், ஆனாலும் பூவின் உருவம் கலங்கித்தான் தெரியும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு சொன்னால் புரியும். செங்காந்தள், நம் மாநில மலர். ஆறு இதழ்கள் பின்னோக்கி வளைந்து தீ மாதிரி மேலே எழும், ஓரம் நெளிநெளியாக மஞ்சள், நடு சிவப்பு, பின்னால் பச்சைக் கொடி. ஒரு வாடிக்கையாளர் இதைத்தான் கேட்டார், சிவப்பு #D32F2F, இலை #388E3C என்று நிறத்தையும் அவரே கொடுத்துவிட்டார். சாதாரணக் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். கணக்கில் கான்ட்ராஸ்ட் வெறும் 1.2.

இதை ஜிம்ப்பில் திறந்து View > Display Filters > Color Deficient Vision போட்டால் (கோப்பில் ஒன்றும் மாறாது, திரையில் மட்டும்தான் மாறும்) இரண்டு வேறு வேறு படங்கள் கிடைக்கும், அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டியூட்டரனோப்பியாவில், அதாவது பச்சைக் கூம்பு செல்கள் வேலை செய்யாத கண்ணுக்கு, பூவும் இலையும் இரண்டுமே ஒரே மாதிரி மங்கலான ஆலிவ் நிறமாகிவிடும், பூவே காணாமல் போகும். புரோட்டனோப்பியாவில், சிவப்புக் கூம்பு செல்கள் இல்லாத கண்ணுக்கு, சிவப்பு நன்றாக இருண்டுபோகும், இலை அப்படியே வெளிச்சமாக இருக்கும். பூ காணாமல் போகாது, ஆனால் இலைகளுக்கு நடுவில் இருண்ட ஓட்டை மாதிரி தெரியும்.

அதனால்தான் படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் போதும் என்று பலர் சொல்வதை நான் முழுசாக ஏற்றுக்கொள்வதில்லை. பச்சைக் குறைபாட்டுக்கு அந்தச் சோதனை ஓரளவு சரியாகவே சொல்லும். சிவப்புக் குறைபாட்டுக்கு ஏமாற்றும், ஏனென்றால் கறுப்பு-வெள்ளையில் தெரிகிற சாம்பலைவிட அவர்களுக்குச் சிவப்பு இன்னும் இருட்டு. அப்புறம், மாற்றும்போது Colors > Desaturate > Desaturate போய் Luminance என்பதைத் தேர்ந்தெடுங்கள். Lightness (HSL) எடுத்தால் சுத்தச் சிவப்பும் சுத்தப் பச்சையும் சுத்த நீலமும் ஒரே சாம்பலாக வரும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

செங்காந்தளுக்கு இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் வரைந்து பார்த்திருக்கிறேன். முதல் வழி: சிவப்பை விடவே கூடாது என்றால் அதை ஜோடியில் இருட்டான பக்கமாக வைத்து, பின்னணியை வெளிறிய பச்சையாக்குவது. #D32F2F பூ, #DCEBD0 பின்னணி என்றால் கான்ட்ராஸ்ட் 4. சிவப்புக் குறைபாடு உள்ளவருக்குச் சிவப்பு இன்னும் இருண்டு அது ஏறக்குறைய 6 ஆகிவிடும். அந்தக் கண்ணின் இயல்பே நமக்கு உதவி செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஒரே குறை, இதழ் ஓர மஞ்சள் வெளிறிய பின்னணியில் கரைந்துவிடும், அதை உள்பக்கமாகத் தள்ளிச் சிவப்புக்குள் ஒரு கோடாக வரைய வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி: பின்னணி இருட்டாகத்தான் வேண்டும் என்று கேட்டால். #0F3B3F மாதிரி ஆழ்ந்த நீலப்பச்சையைப் போட்டு அதன்மேல் தொகுதியில் இருக்கும் #D55E00 செம்மஞ்சளை வைத்தால் கான்ட்ராஸ்ட் 3.2 வருகிறது. படங்களின் முக்கியப் பகுதிகளுக்கு, எல்லோராலும் இணையத்தைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான WCAG விதிகள் கேட்பது 3 தான், தேறிவிட்டது என்று தோன்றும். ஆனால் சிவப்புக் குறைபாட்டுக் கணக்கில் அது 2.3 பக்கம் இறங்கிவிடும். இருட்டுமேல் சிவப்பு வைத்தால் எப்போதும் இந்தச் சரிவு உண்டு. அதனால் பூவை #F07A2A என்று இன்னும் ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தினேன்: சாதாரணக் கண்ணுக்கு 4.4, சிவப்புக் குறைபாட்டிலும் 3.4 நிற்கிறது. பூவின் உண்மை நிறம் போய்விடுமே என்று வாடிக்கையாளர் கவலைப்பட்டார். செங்காந்தள் பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, ஆரஞ்சாகி, கடைசியில்தான் முழுச் சிவப்பாகும், ஆரஞ்சும் அதன் சொந்த நிறம்தான் என்று விளக்கினேன், ஒத்துக்கொண்டார். மஞ்சள் ஓரத்துக்குத் தொகுதியின் #F0E442 அப்படியே பொருந்தியது. இருட்டுப் பின்னணியில் அதன் கான்ட்ராஸ்ட் 9-க்கு மேல், பூவின் உருவத்தைத் தூக்கி நிறுத்துவதே அதுதான்.

இந்த மஞ்சள் கோட்டை மட்டும் நம்பிப் பழைய சிவப்பு-பச்சையையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பெரிய போஸ்டரில் நடக்கும். கைபேசியில் சின்னப் படமாகச் சுருங்கும்போது அந்தக் கோடு பக்கத்து நிறங்களோடு கலந்து போய்விடுகிறது. அதனால் நான் எந்தப் படத்தையும் அறுபது, எழுபது பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, அந்த நிலையில்தான் நிறக்குருடு வடிகட்டியைப் போட்டுப் பார்ப்பது.

வடிகட்டிக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு வகைக் கூம்பு செல் முற்றிலும் வேலை செய்யாத நிலையைத்தான் அது காட்டுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் குறைபாடு அதைவிடக் குறைவாகவே இருக்கும், அதனால் அதில் தப்பித்த படம் அவர்களுக்கும் தப்பிக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். இருந்தாலும் கடைசியாக ஒரு மனிதரிடம் காட்டாமல் அனுப்புவதில்லை. என் சித்தி மகனுக்குப் பச்சைக் குறைபாடு. ‘ரெண்டு நிறமும் வேற வேறயா தெரியுதா’ என்று அவனிடம் கேட்டால் எப்போதும் ‘தெரியுதுண்ணா’ என்றுதான் சொல்வான், உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவான், வாழ்நாள் பழக்கம். அதனால் இப்போது சின்னப் படத்தைக் காட்டி ‘இது என்னடா’ என்று மட்டும் கேட்கிறேன். வாடிக்கையாளர் கொடுத்த நிறங்களில் வரைந்ததைப் பார்த்து ‘ஏதோ கொடி, மேல மஞ்சளா நூல் மாதிரி கிடக்கு’ என்றான். வெளிறிய பின்னணிப் படத்தையும் ஆரஞ்சுப் படத்தையும் காட்டியதும் யோசிக்காமல் ‘கார்த்திகைப் பூ’ என்றான். அந்த இரண்டில் ஆரஞ்சைத்தான் வாடிக்கையாளர் அச்சுக்கு எடுத்துக்கொண்டார்.