தீயணைப்பான் தொங்கினால் போதாது, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மன்னார்குடிப் பக்கம் பங்குனியில் தாளடி அறுவடைக்கு வண்டி பிடிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். தரகர் மூலம் நான் அமர்த்திய அறுவடை இயந்திரம் என் வயலிலேயே தீப்பிடித்தது. விளைந்து நின்ற கதிரில் இரண்டு மா கருகிப்போனது. வண்டியின் உரிமையாளர் இன்றுவரை முழு இழப்பீட்டைத் தரவில்லை. அந்தத் தரகர் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை.

"சர்வீஸ் முடித்து வந்த வண்டி, தீயணைப்பான்கூட மாட்டியிருக்கிறது" என்பதுதான் தரகர் தந்த உறுதி. வந்து இறங்கியதோ, முந்தின இரவு வேறு ஊரில் ஓடிவிட்டு நேராக வந்த டயர் வண்டி. இன்ஜின் பக்கம் சுத்தம் செய்துவிட்டு இறங்குங்கள் என்று கேட்டேன். "காலையில்தான் காற்றடித்தோம், அண்ணே" என்றார் ஓட்டுநர். அது பொய் என்று எரிந்து முடிந்த பிறகு உதவியாளர் பையனே சொன்னான். இரண்டு நாட்களாக ஊதுகுழலை யாரும் கையில் எடுக்கவில்லையாம்.

பாதி வயல் முடிந்தது. சாப்பாட்டுக்காக வண்டியை நிற்கும் கதிருக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். இன்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துத்தான் மூடியின் இடுக்கிலிருந்து மெல்லிய புகை வந்தது. ஓடும்போது பிடிக்காத தீ நின்ற பிறகு எப்படிப் பிடித்தது என்று எங்கள் ஊரில் பலரும் கேட்டார்கள். இன்ஜின் ஓடும்வரை விசிறிக் காற்று வெப்பத்தை ஓரளவு இழுத்துக்கொண்டு போகிறது. அணைத்தவுடன் விசிறி நிற்கிறது, ஆனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் உடனே ஆறுவதில்லை. முழுச் சுமையில் அவை 400 டிகிரி செல்சியஸுக்கு மேலும் போகும். காய்ந்த கூளமும் தூசும் கனியத் தொடங்க 200 முதல் 300 டிகிரி போதும். மேலே படிந்த கூளம் இப்படி உள்ளுக்குள் கனிந்துகொண்டே இருந்து, மூடியைத் திறந்ததும் காற்றுப் பட்டுச் சுடராகிவிடுகிறது. எங்கள் கண் முன்னால் நடந்ததும் இதுதான். புகையைப் பார்த்த ஓட்டுநர் ஓடிப்போய் மூடியை முழுவதுமாகத் தூக்கினார். அடுத்த நொடி முகத்தளவு உயரத்துக்குத் தீ எழுந்தது. அவருக்குப் புருவம் கருகியதோடு போனது பெரிய விஷயம்.

டர்போவுக்குக் கீழே டீசல் திரும்பிப் போகும் ரப்பர் குழாயில் கசிவு இருந்திருக்கிறது. எரியாமல் மிஞ்சிய ஓர் ஓரத்தில் கூளம் கருப்பாக, பிசுபிசுவென்று டீசலில் ஊறிக் கிடந்ததை நானே கையில் எடுத்துப் பார்த்தேன். காய்ந்த கூளம் ஓர் ஆபத்து என்றால், டீசல் ஊறிய கூளம் அதைவிடப் பெரிய ஆபத்து. இன்ஜின் மூடிக்குள் ஈரக்கறை பட்ட கூளம் தெரிந்தால் அந்த வண்டியை வயலில் இறக்கவே விடாதீர்கள்.

இனி அந்தத் தீயணைப்பான். ஏணிக்குப் பின்னால் கட்டுக்கம்பியால் வரிந்து கட்டிய சிவப்பு உருளை அது. கம்பியை அவிழ்க்கவே நேரம் போயிற்று. ஊசியை இழுத்துக் கைப்பிடியை அழுத்தினால் வெள்ளைப் பொடி இரண்டு முறை பொசுக்கென்று வந்து நின்றுவிட்டது. அழுத்தமானியின் முள் பச்சையில் இல்லை, சிவப்பின் கடைசியில் கிடந்தது. பிறகு அதைக் குலுக்கிப் பார்த்தேன். உள்ளே பொடி அசையவில்லை, ஒரே கட்டியாக இறுகியிருந்தது. நாள்தோறும் குலுங்கும் வண்டியில் பொடி அடியில் இறுகிவிடும். அதனால்தான் மாதம் ஒருமுறையாவது உருளையைக் கவிழ்த்து, அடியில் தட்டிப் பொடியை உதிர்த்துவைக்க வேண்டும். அந்த உருளையை வாங்கிய நாள் முதல் யாரும் தொட்டதாகத் தெரியவில்லை.

எரியும் கூளம் அரிதாளில் விழுந்து, காற்றோடு கதிருக்குள் தீ புகுந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் ரோட்டவேட்டர் மாட்டிய டிராக்டரைக் கொண்டுவந்து, தீக்கு வெகு முன்னால், காற்று போகும் திசையில் குறுக்கே இரண்டு சால் ஓட்டினார். கதிரோடு சேர்த்து மண்ணைப் புரட்டியதால் தீ அந்த இடத்தைத் தாண்டவில்லை. அவர் வந்திருக்காவிட்டால் எனக்குக் கிழக்கே இருக்கும் மூன்று குடும்பங்களின் விளைச்சலும் போயிருக்கும். 101-க்கு அழைத்து வந்த தீயணைப்பு வண்டி, இயந்திரத்தில் மிச்சமிருந்த தீயைத்தான் அணைத்தது.

வண்டி பேசும்போது நான் இப்போது கேட்பவற்றைச் சொல்கிறேன். இறங்குவதற்கு முன் என் கண் முன்னால் மேனிஃபோல்டு, டர்போ, சைலன்சர் குழாயின் அடி, பேட்டரி வயர், ரேடியேட்டர் வலை எல்லாவற்றையும் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும் காலையில் செய்வதுதான் சரி, சூட்டில் ஊதினால் கனிந்த துண்டு பறந்து வேறு இடத்தில் விழும். பகலில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது கதிரை விட்டுத் தள்ளி, கூளம் இல்லாத வெறுந்தரையில் நிறுத்தி, அரை மணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சுத்தம் செய்யும் நேரத்துக்கும் மணிக்கணக்கில் கூலி தருவேன் என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நின்றால் காசு இல்லை என்கிற ஏற்பாடுதான் ஓட்டுநரைப் பொய் சொல்ல வைக்கிறது.

தீயணைப்பான் 6 கிலோ ஏபிசி பொடி வகையாக இருக்க வேண்டும். பிசி வகை டீசல் தீக்கு உதவும், கூளத் தீக்கு உதவாது. 6 கிலோ உருளையும் சுமார் 15 நொடிதான் பீய்ச்சும். ஆகவே மூடியை முழுதாகத் திறக்காமல், இடுக்கு வழியாக அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க வேண்டும், அதற்கு முன் இன்ஜினை அணைத்திருக்க வேண்டும். பொடி தீயை அமுக்குமே தவிர, கூளத்துக்குள் இருக்கும் கனலைக் குளிர்விக்காது. அதற்குத் தண்ணீர் வேண்டும். நிரப்பிய மருந்தடிக்கும் பம்பு ஒன்றை வரப்பில் வைத்திருங்கள், மருந்து வாடை போகக் கழுவியதாக இருக்கட்டும். வைக்கோல் கட்ட வரும் டிராக்டருக்கும் இதே விதிதான், அதன் சைலன்சரும் காய்ந்த கூளத்துக்கு நடுவில்தான் ஓடுகிறது.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணிவிடாதீர்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் வயலளவில் ஏற்படும் இழப்புக்கான பட்டியலில் மின்னல் தாக்கி வரும் தீ இருக்கிறது, இயந்திரத்தால் வரும் தீ இல்லை. எனவே வண்டியின் காப்பீட்டுச் சான்று நடப்பில் இருக்கிறதா, மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்தையும் அது ஏற்கிறதா என்று பார்த்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு அதன்பிறகு வண்டியை இறக்குங்கள். எனக்கு அந்தச் சான்றைக் காட்டவே இல்லை. தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் வாங்கிவைத்ததால்தான் ஊர்ப் பஞ்சாயத்தில் உரிமையாளர் பாதித் தொகைக்காவது இறங்கிவந்தார். மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன்.