ஸ்லைடுல இருக்கறதையே கேப்ஷன்லயும் எழுதுறதா, வேற எழுதுறதா? ஆத்தங்குடி டைல்ஸ் பேஜ்ல ரெண்டையும் பண்ணிப் பாத்தாச்சு

எங்க சித்தப்பாவுக்கு ஆத்தங்குடியில டைல்ஸ் பட்டறை. நான் காரைக்குடியில இருந்துக்கிட்டு அவருக்கு இன்ஸ்டாகிராம் பேஜ் பாத்துக்கிறேன். சம்பளம் எல்லாம் இல்ல, ஞாயித்துக்கிழமை சாப்பாடு உண்டு. இந்தப் பேஜ்ல நாலஞ்சு படம் சேத்துப் போடுற ஸ்லைடு போஸ்ட்டுக்கு கேப்ஷன் எழுதுறதுல மூணு விதத்தையும் பண்ணிப் பாத்துட்டு இப்ப ஒண்ணுல நிக்கிறேன். ஸ்லைடுல இருக்கற வார்த்தைய அப்படியே கீழ கேப்ஷன்ல ஒட்டுறது ஒண்ணு, அத நகல் கேப்ஷன்னு வச்சுக்கங்க. ஒத்த வரி எழுதி ஹேஷ்டேக்க கொட்டிட்டுப் போறது ரெண்டாவது. ஸ்லைடு சொல்லாததை கேப்ஷன்ல சொல்றது மூணாவது. நான் மூணாவது கட்சி, அத முதல்லயே சொல்லிடறேன்.

ஒத்த வரி கேப்ஷனப் பத்தி பெருசா பேச ஒண்ணும் இல்ல. கல்யாண வீட்டு போட்டோவுக்கு "நம்ம ஊரு, நம்ம பெருமை"ன்னு போட்டா போதும். சாமான் விக்கிற பேஜுக்கு அது பத்தாது, கேள்வி எல்லாம் கமெண்ட்ல வந்து நிக்கும், நம்மதான் ஒவ்வொண்ணுக்கா பதில் சொல்லிக்கிட்டு கெடக்கணும்.

நெஜமான போட்டி மத்த ரெண்டுக்கும்தான். எங்க போஸ்ட்டையே எடுத்துக்கங்க. டைல்ஸ் எப்படி செய்றாங்கன்னு ஏழு ஸ்லைடு. மொதல்ல தலைப்பு, அடுத்தது கண்ணாடி மேல அச்சு வைக்கிறது, அப்புறம் அச்சுக் கட்டத்துக்குள்ள கலர் ஊத்துறது, காஞ்ச சிமெண்ட் மணல் தூவுறது, ஈரக் கலவை போட்டு நெரவி அமுக்குறது, தண்ணித் தொட்டியில ஊறப் போடுறது, கடைசியில விலை. நான் மொத தடவ எழுதின கேப்ஷன் என்னன்னா "மொதல்ல கண்ணாடி மேல அச்ச வைக்கிறோம், பிறகு கலர் ஊத்துறோம், பிறகு சிமெண்ட் மணல் தூவுறோம்"னு கடைசி விலை வரைக்கும் அதே ஏழு வரி. படத்த பாத்தவங்க இத எதுக்குப் படிப்பாங்க? படத்த பாக்காதவங்களுக்கு இது என்ன புரியும்?

சித்தப்பா அத போன்ல பாத்துட்டு "என்னப்பா, வந்தவருக்கு டைல்ஸ கையில குடுத்துட்டு இது டைல்ஸ்னு சொல்ற மாதிரி இருக்கு"ன்னாரு. அவர் சொன்னதுதான் எனக்குப் பொறி தட்டுச்சு. பட்டறைக்கு ஆள் வந்தா அவர் என்ன செய்வாருன்னு யோசிச்சுப் பாத்தேன், ஒரு கல்ல எடுத்துக் கையில குடுப்பாரு, பூவையும் கலரையும் அவங்களே பாத்துக்குவாங்க, இவர் வாய் வேற ஒண்ண பேசும். "தரைக்கு ஆசிட் மட்டும் ஊத்திராதீங்க", "கொஞ்சம் சேத்தே வாங்கி வையுங்க, பின்னாடி அதே கலர் அமையறது கஷ்டம்" இப்படி. கை காட்டுறது ஸ்லைடு, வாய் பேசுறது கேப்ஷன். இப்ப நான் எழுதுறப்ப ஸ்லைட முழுசா முடிச்சுட்டு, அத சித்தப்பா கையில இருக்கற கல்லா நெனச்சுக்கிட்டு, அவர் என்ன பேசுவாருன்னு மட்டும் எழுதுறேன். அதுவும் வரலன்னா பழைய கமெண்ட்டையும் வாட்ஸப்ல வந்த கேள்வியையும் பாப்பேன், மூணு பேர் ஒரே கேள்விய கேட்டிருந்தா அதுக்குப் பதில்தான் அடுத்த கேப்ஷன்.

அதே ஏழு ஸ்லைடுக்கு ரெண்டாந்தடவ எழுதினது இது:

"ஆத்தங்குடி தரைக்கு ஆசிட் ஊத்திக் கழுவுனா பளபளப்பு போயிடும். ஏன்னா இது சூளையில சுட்ட டைல்ஸ் இல்ல, சிமெண்ட். அந்தப் பளபளப்பு கண்ணாடிப் படத்துல பாக்குறீங்களே, அந்தக் கண்ணாடி முகத்துல இருந்து வர்றது. எலுமிச்ச, புளி சிந்துனாலும் உடனே தொடச்சிருங்க, வெறும் தண்ணியில தொடச்சாலே போதும். 100 சதுர அடி ரூமுக்கு 10 இன்ச் கல் 144 வேணும், 8 இன்ச்னா 225. ஓரத்துல வெட்டுறதுக்கும் உடையறதுக்கும் பத்துல ஒரு பங்கு சேத்து வாங்குங்க. எல்லாம் கையில செய்றது, அடுத்த தடவ ஊத்துற கலர் ஒரு இழை மாறும்."

இதுல ஸ்லைடுல இருக்கற ஒரு வாக்கியமும் இல்ல, ஆனா ஸ்லைட விட்டு வெலகவும் இல்ல. கண்ணாடிப் படத்த பாத்துட்டு வந்தவருக்குத்தான் ஆசிட் சமாச்சாரம் வெளங்கும், இத படிச்சவர் திரும்பப் போய் அந்தப் படத்த ஒருக்கா பாப்பாரு. சேத்துச் சொல்றதுன்னா ஸ்லைடுக்கு சம்பந்தமே இல்லாம ஆத்தங்குடி வரலாறு, செட்டிநாட்டு வீட்டுப் பெருமைன்னு இழுக்கறது இல்ல. அந்தத் தப்பையும் நான் பண்ணிருக்கேன், அது நகல விட மோசம், ஏன்னா நகலாவது படத்தோட ஒட்டி நின்னுச்சு.

மொத வரியப் பத்தி ஒரு விஷயம். கேப்ஷன்ல 2,200 எழுத்து வரைக்கும் போகலாம், ஆனா போஸ்ட்டுக்குக் கீழ தெரியறது மேல இருக்கற ஒண்ணு ரெண்டு வரிதான், மிச்சம் `more` தட்டினாத்தான் வரும். தமிழ்ல இது இன்னும் இறுக்கம், "செட்டிநாடு" நம்ம கண்ணுக்கு அஞ்செழுத்து, கம்ப்யூட்டர் கணக்குல கொம்பு புள்ளி எல்லாம் சேந்து பத்து. அந்த ரெண்டு வரியில போய் மொத ஸ்லைடுல இருக்கற தலைப்பையே திரும்பப் போட்டா, மேல பெருசா இருக்கறது கீழ சின்னதா இருக்கு, அவ்வளவுதான், எதுக்கு `more` தட்டணும்?

இதெல்லாம் இருந்தும் நான் கட்சி மாறினதுக்குக் காரணம் வேற. போட்ட போஸ்ட்ட பின்னாடி பராமரிக்கிற பாடு. இத எழுத ஆரம்பிக்கறப்ப யாரும் யோசிக்கறதில்ல, நானும் யோசிக்கல.

கேப்ஷன எப்ப வேணா திருத்தலாம். ஸ்லைட போஸ்ட் பண்ணினப்புறம் அந்தப் படத்த எடுத்துட்டு வேற படம் அதே எடத்துல வைக்க முடியாது, ஒரு ஸ்லைட மட்டும் அழிக்கலாம், அவ்வளவுதான். நகல் கேப்ஷன் போட்ட எங்க போஸ்ட்ல விலை ஏழாவது ஸ்லைடுலயும் இருந்துச்சு, கேப்ஷன்லயும் இருந்துச்சு. கொஞ்ச மாசத்துல சிமெண்ட்டும் கலர் பொடியும் ஏறுச்சு, சித்தப்பா விலைய ஏத்துனாரு, நான் கேப்ஷன்ல மாத்திட்டேன், ஸ்லைட என்ன பண்றது? ஒரே போஸ்ட்ல ரெண்டு விலை. அப்புறம் தேவகோட்டையில இருந்து ஒருத்தர் பட்டறைக்கே வந்துட்டாரு, கையில அந்த ஏழாவது ஸ்லைடோட ஸ்க்ரீன்ஷாட். அவங்க சொந்தக்கார வாட்ஸப் குரூப்ல யாரோ போட்டிருக்காங்க. "அண்ணே, நீங்க போட்டதுதானே இது"ன்னு கேட்டா என்ன சொல்றது, சித்தப்பா அன்னிக்கு பழைய விலைக்கே குடுத்து அனுப்புனாரு, எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை சாப்பாடு எறங்கல.

அப்பத்தான் புரிஞ்சுது. ஸ்லைடு ஊரெல்லாம் தனியா போகும், கேப்ஷன் கூடவே போகாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா படம் மட்டும்தான் போகுது. அப்போ ஸ்லைடுல எதை வைக்கணும்? ரெண்டு வருசம் கழிச்சு யாரோ முகம் தெரியாதவர் பாத்தாலும் தப்பாகாததை. கண்ணாடி, அச்சு, கலர், தண்ணித் தொட்டி, இதெல்லாம் மாறப் போறதில்ல. விலை, கைவசம் எந்த டிசைன் இருக்கு, ஆர்டர் குடுத்தா எத்தன நாளாகும், மழைக் காலத்துல காயறதுக்கு லேட்டாகும்கிறது, இதெல்லாம் கேப்ஷனுக்கு, அதுவும் எந்த மாசத்து நெலவரம்னு சேத்து. விலை மாறுனா ஒரே எடத்துல திருத்துனா போதும். நகல் கேப்ஷன்ல ஒவ்வொரு விஷயமும் ரெண்டு எடத்துல இருக்கு, அதுல ஒரு எடம் பூட்டு போட்டது.

அந்த விலை ஸ்லைட பின்னாடி அழிச்சேன். மத்த ஆறும் அப்படியே நிக்குது. நல்லவேளை விலை கடைசியில இருந்துச்சு, நடுவுல இருந்து ஒண்ண அழிச்சா பின்னாடி இருக்கறதெல்லாம் ஒரு எண் முன்னால வந்துரும், கேப்ஷன்ல "அஞ்சாவது படத்த பாருங்க"ன்னு எழுதியிருந்தா அது வேற படத்தக் காட்டும். அதனாலதான் மேல "கண்ணாடிப் படத்துல"ன்னு எழுதியிருக்கேன், எண் போடல. சின்ன விஷயம்தான், ஆனா பட்டாத்தான் தெரியும்.

நகல் கேப்ஷனுக்கு ஒரு நியாயம் உண்டு, அத மறைக்கக் கூடாது. கண்ணு தெரியாதவங்க போன் படிச்சுக் காட்டுறத கேட்டுத்தான் பாக்குறாங்க, படத்துக்குள்ள எழுதின எழுத்து அந்தக் குரலுக்கு சரியா போய்ச் சேராது. என் மூணாவது கட்சி கேப்ஷன் மட்டும் கேட்டா, கண்ணாடிப் படம்னு ஏதோ சொல்றாங்களே அது என்னன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? இதுக்கு நான் பண்றது, போஸ்ட்ட எடிட் பண்றப்ப படத்து மேல வர்ற `Edit alt text`ல ஒவ்வொரு ஸ்லைடுக்கும் என்ன படம், என்ன எழுத்து இருக்குன்னு எழுதிடறேன். நகல் இருக்க வேண்டிய எடம் அதுதான். ஏழு ஸ்லைடுக்கு பத்து நிமிசம் ஆகும். அந்தப் பத்து நிமிசம் இல்லன்னா நகல் கேப்ஷனே போடுங்க, தப்பில்ல, விலைய மட்டும் ஸ்லைடுல வைக்காதீங்க.

இன்னொண்ணு, நான் பாத்தது இந்த டைல்ஸ் பேஜும், எங்க பெரியம்மா கைமுறுக்கு, மணகோலம் சுட்டு விக்கிற பேஜும் மட்டும்தான். ரெண்டும் சாமான் விக்கிற பேஜ். கவிதை, காமெடி பேஜ் நடத்துறவங்களுக்கு பராமரிப்புங்கிற பேச்சே வராது, அங்க ஒத்த வரியே ஜெயிக்கலாம். புது ஆள் நெறைய வர்றாங்களா இல்லையான்னும் இத வச்சு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எங்களுக்குத் தெரிஞ்ச மாத்தம் ஒண்ணுதான், "ஆசிட் ஊத்தலாமா"ன்னு போன் வர்றது கொறஞ்சிருக்கு, இப்ப "144 கல்லு, பத்துல ஒரு பங்கு சேத்து 160ஆ போட்டுருங்க"ன்னு நேரா ஆர்டரே வருது.

பெரியம்மா பேஜுக்கும் இதே கணக்குதான், ஸ்லைடுல முறுக்கு சுத்துற கை, கேப்ஷன்ல இந்த வாரம் எண்ணெய் என்ன விலை, எத்தன நாள் தாங்கும், எந்த ஊருக்கு கூரியர்ல அனுப்புனா உடையாமப் போய்ச் சேருது. போன வாரம் அவங்களே ஒரு வரி சொல்லி எழுதச் சொன்னாங்க, "டப்பாவ தெறந்துட்டு மூட மறந்துட்டா எங்கிட்ட கேக்காதீங்க"ன்னு. அப்படியே போட்டுட்டேன்.